லிண்ட்னர் மாடலில் இலக்கு விகிதத்தைத் தவறாகப் படிக்காதீர்கள்

பொருளாதார அறிஞர் ஜான் லிண்ட்னர் 28 நிறுவனங்களின் நிர்வாகிகளைச் சந்தித்துப் பேசி, டிவிடெண்டை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதற்கு 1956-இல் ஒரு மாடலை வெளியிட்டார். நிர்வாகிகளின் மனதில் லாபத்தில் இவ்வளவு பங்கு டிவிடெண்டாகப் போக வேண்டும் என்று ஒரு இலக்கு இருக்கும். ஆனால் லாபம் கூடியதும் அங்கே தாவ மாட்டார்கள். ஏற்றிய டிவிடெண்டைப் பிறகு குறைக்க நேர்ந்தால் பங்குதாரர்கள் பொறுக்க மாட்டார்கள் என்ற பயம்தான் காரணம். அதனால் இலக்குக்கும் இப்போதைய டிவிடெண்டுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதியை மட்டும் ஆண்டுதோறும் நிரப்புவார்கள். அந்தப் பகுதியின் அளவுதான் வேகம்.

முதல் தவறு, ஓராண்டு விகிதத்தையே இலக்கு என்று எடுத்துக்கொள்வது. இலக்கு 40%, வேகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்குக்கான லாபம் 10, டிவிடெண்ட் 4. அடுத்த ஆண்டு லாபம் 15 ஆகிறது. இலக்கு டிவிடெண்ட் 6, இடைவெளி 2. அதில் 0.3 பங்கு, அதாவது 0.6 மட்டுமே கூடும், டிவிடெண்ட் 4.6. இப்போது விகிதம் சுமார் 31%. இதைப் பார்த்து நிர்வாகம் கஞ்சத்தனம் காட்டுகிறது என்று சொல்வது சரியல்ல, இலக்கு மாறவே இல்லை. லாபம் 15-இலேயே நின்றால் அடுத்தது 5.02, அப்புறம் 5.31 என்று டிவிடெண்ட் மெல்ல ஏறும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு ரெக்ரஷன் முடிவைப் படிப்பதில் வருகிறது. மதிப்பிடும் சமன்பாடு இது. D டிவிடெண்ட், E லாபம், r இலக்கு விகிதம், c வேகம், a மாறிலி, t ஆண்டு:

```
D(t) = a + c*r*E(t) + (1-c)*D(t-1)
```

மேலே உள்ள நிறுவனத்தில் லாபத்தின் குணகம் 0.12, முந்தைய டிவிடெண்டின் குணகம் 0.70 என்று வரும். பலர் 0.12-ஐப் பார்த்ததும் "இலக்கு 12%" என்று எழுதிவிடுகிறார்கள். அது முதல் ஆண்டு விளைவு மட்டுமே. வேகம் 1 − 0.70 = 0.30. இலக்கு 0.12 ÷ 0.30 = 0.40. மாறிலி a பூஜ்யமாக இல்லாவிட்டால், லாபம் நிலையாக நின்றாலும் டிவிடெண்ட் சரியாக 40%-இல் போய் நிற்காது; a ÷ c அளவு தள்ளி நிற்கும்.

எந்த லாபத்தைப் போடுகிறோம் என்பதும் முக்கியம். நிலம் விற்று ஒரே ஆண்டில் வந்த லாபத்துக்காக நிர்வாகிகள் டிவிடெண்டை உயர்த்துவதில்லை. நீடிக்கும் என்று நம்பும் லாபத்துக்கே உயர்த்துவார்கள். அந்தத் தற்காலிக லாபத்தையும் E-இல் சேர்த்தால் லாபத்தின் குணகம் சுருங்கி, வேகம் உண்மையைவிட மெதுவாகத் தெரியக்கூடும். மாறாக, பதினைந்து ஆண்டுத் தரவு போன்ற சிறிய மாதிரியில் முந்தைய டிவிடெண்டின் குணகம் கீழ்நோக்கிச் சாய்வது வழக்கம். வேகம் அதிகமாகத் தெரியும். நிறுவனங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி மாறிலி வைத்து மதிப்பிட்டாலும், ஆண்டுகள் குறைவென்றால் இதே சாய்வு இருக்கும்.

கடைசியாக, பங்குப் பிரிப்பு. ஒரு பங்கை இரண்டாகப் பிரித்த ஆண்டில் டிவிடெண்ட் 4-லிருந்து 2.3 ஆகக் குறைந்ததாகத் தரவு காட்டும். முந்தைய ஆண்டின் 4-ஐயும் 2 ஆக மாற்றிப் பாருங்கள், உண்மையில் அது 15% உயர்வு.