கல்யாண வீட்டில் உதவியவருக்கு நன்றி சொல்லி, பேச்சைத் தொடர ஒரு வாசல் விட்டு வைப்பது எப்படி

போன மாதம் என் தோழி, கேரளாவில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பந்தி மாடியில். அம்மாவுக்கு முட்டு வலி, படி ஏற முடியாது. பெண் வீட்டுப் பக்கம் ஓடியாடிக்கொண்டிருந்த ஒருவர் இதைக் கவனித்து, தட்டில் இலை போட்டு எல்லாவற்றையும் கீழேயே கொண்டு வந்துவிட்டார். "புளிஇஞ்சி கொஞ்சம் காரமா இருக்கும், அதனால ஓரமா வெச்சிருக்கேன்" என்று அம்மாவிடம் சொல்லியும் வைத்தார். மறுநாள் தோழி என்னைக் கூப்பிட்டு, "நன்றி சொல்லணும். அதோட அவர்கிட்ட இன்னும் பேசணும்னும் இருக்கு. எப்படி எழுதறது?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதியதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

1. நம்பர்

கல்யாணத்துக்கென்று போட்ட வாட்ஸ்அப் குரூப்பில் அவர் நம்பர் இருந்தது. இருந்தாலும் அதிலிருந்து நேராக எடுத்து அனுப்ப வேண்டாம் என்றேன். மணப்பெண்ணிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகு எழுதினாள். இதனால் ஒரு நாள் தள்ளிப்போனது, பரவாயில்லை. ஆனால் ஒரு வாரம் தள்ளிப்போனால் நன்றி ஆறிப்போய்விடும், பேச்சுக்கான சாக்கு மட்டும்தான் கண்ணில் படும்.

2. எந்த எழுத்து

கொழிஞ்சாம்பாறை இருக்கிற சித்தூர் தாலுகா பக்கம் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறையப் பேர். நன்றாகத் தமிழ் பேசுகிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். குரூப்பில் அவர் எதில் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். இவர் தமிழில் எழுதியிருந்தார். இல்லையென்றால் அரை நிமிடத்துக்குள் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும்.

3. எப்படிக் கூப்பிடுவது

தோழி முதலில் எழுதியது "அண்ணா, ரொம்ப தேங்க்ஸ்ணா". மரியாதைக்காக வாயில் தானாக வருகிற சொல்தான். ஆனால் அண்ணா என்று ஒரு தடவை எழுதிவிட்டால் உறவு அங்கேயே முடிவாகிவிடும், அப்புறம் மாற்றுவது கஷ்டம். மலையாளத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற 'ஏட்டா' என்றாலும் அதே கதைதான். சார் என்றால் அலுவலகக் கடிதம் மாதிரி ஆகிவிடும். பெயரோடு 'ங்க' சேர்த்தால் போதும். மரியாதையும் இருக்கும், முறையும் வராது.

4. நன்றி

"எல்லா உதவிக்கும் நன்றி" என்பதை யாருக்கும் அனுப்பலாம். அவர் செய்ததில் ஒன்றே ஒன்றை எடுத்து, அதனால் என்ன ஆனது என்று சொல்லுங்கள். இங்கே அது புளிஇஞ்சி.

5. அந்த ஒரு வரி

இதில்தான் அதிக நேரம் போனது. "உங்ககிட்ட பேசணும்" என்றால் என்ன பிரச்சினையோ என்று மனுஷர் பயந்துவிடுவார். "பேசலாமா?" என்றால் ஆமாம், இல்லை என்று உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடும். "அம்மா உங்ககிட்ட பேச ஆசைப்படறாங்க" என்று அம்மாவின் பின்னால் நிற்பதும் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை.

தமிழில் இதற்கென்றே ஒரு வினைமுடிவு இருக்கிறது: "பேசியிருக்கலாம்னு தோணிச்சு". நடந்து முடிந்ததைப் பற்றிச் சொல்வதால் கேள்வி ஆகாது. ஆசை இருப்பது மட்டும் தெரியும். அவருக்கு விருப்பம் இருந்தால் பிடித்துக்கொள்வார், இல்லையென்றால் நன்றிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். யாருக்கும் சங்கடமில்லை.

கடைசியில் அனுப்பியது இதுதான். தொடக்கத்தில் அவர் பெயர் இருந்தது:

> வணக்கங்க. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துல எங்கம்மாவுக்குக் கீழேயே சாப்பாடு கொண்டுவந்து குடுத்தீங்களே, அவங்க பொண்ணுதான் நான். ரொம்ப நன்றிங்க. காரம்னு சொன்னீங்க, ஆனா அந்தப் புளிஇஞ்சியைத்தான் அம்மா முதல்ல காலி பண்ணாங்க. கிளம்பற அவசரத்துல சரியா சொல்லக்கூட முடியல. உங்ககூட இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம்னு அப்புறம் தோணிச்சு.

இதய ஸ்மைலி வேண்டாம், ஒரு கும்பிடு போதும். மாலை ஆறு, ஏழு மணிக்கு அனுப்புங்கள். ராத்திரி பத்துக்கு மேல் போனால் இதே வரிகளுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அனுப்பிய பிறகு எழுத்துப்பிழை தெரிந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். அழிக்க வேண்டாம், 'அழிக்கப்பட்டது' என்ற அடையாளம் அங்கேயே நிற்கும், அவர் என்னவோ ஏதோ என்று நினைப்பார்.

6. பதில்

"பரவாயில்லைங்க, இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி" என்று மட்டும் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். இரண்டாவது மெசேஜ் வேண்டாம். நீல டிக் விழுந்து பதிலே வரவில்லை என்றாலும் அப்படித்தான். பதிலில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள்.

தோழிக்கு மறுநாள் காலையில் பதில் வந்தது: "அம்மாவுக்கு முட்டு வலி இப்ப எப்படி இருக்குங்க? புளிஇஞ்சி எங்க பாட்டி போட்டது, ஒரு பாட்டில் எடுத்து வெக்கவா?"