பாடசாலைக் கண்காட்சியில் யாருக்கு எந்த ஸ்டோல்? குலுக்கல் வரிசையில் பிரிக்கும் முறை

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கண்காட்சி வேலைகளைப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஸ்டோலிலும் இத்தனை பிள்ளைகள்தான் உட்காரலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே ஸ்டோல் மீதுதான் ஆசை. ஆரம்பத்தில் நாங்களும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கு முதலில் கொடுத்தோம், மிச்சத்தை இரண்டாம் விருப்பக்காரர்களுக்குக் கொடுத்தோம். நியாயமாகத்தான் தெரிந்தது. ஒரு மாணவி வந்து, "டீச்சர், எனக்குத் தேயிலை ருசி பார்க்கத்தான் ஆசை. ஆனா நுணுக்குக்காட்டிய முதல்ல எழுதினா கட்டாயம் கிடைக்குமாமே?" என்று கேட்டபோதுதான் பிழை எங்கே என்று புரிந்தது.

கட்டாயம் என்பதைத் தவிர, அவள் கணக்குச் சரி. ஆறு பிள்ளைகள், மூன்று ஸ்டோல், ஒவ்வொன்றிலும் 2 இடம் என்று வைத்துப் பார்ப்போம்.

- அ, ஆ, இ, ஈ நால்வரும்: தேயிலை, நுணுக்குக்காட்டி, களிமண்
- உ, ஊ இருவரும்: நுணுக்குக்காட்டி, களிமண், தேயிலை

பழைய முறையில் தேயிலைக்கு நால்வர் போட்டி. சீட்டுக் குலுக்கி ஈ, அ இருவருக்கும் கிடைக்கிறது. நுணுக்குக்காட்டியை முதலில் எழுதிய உ, ஊ அதை நிரப்பிவிடுகிறார்கள். இ, ஆ இருவருக்கும் இரண்டாம் விருப்பமும் போய், நேராகக் களிமண். இ மட்டும் நுணுக்குக்காட்டியை முதலில் எழுதியிருந்தால், உ, ஊ இருவருடனும் குலுக்கலில் நின்றிருப்பாள். உண்மையை எழுதியதால் அந்த வாய்ப்பையே இழந்தாள். பொஸ்டன் நகரம் பிள்ளைகளைப் பாடசாலைகளில் சேர்க்க இதே வகை முறையை வைத்திருந்து, 2005 இல் கைவிட்டது. தந்திரமாக எழுதத் தெரிந்த பெற்றோருக்கே அது சாதகமாக இருந்தது.

சரி, இப்போது நாங்கள் செய்வது இதுதான்.

1. இடங்களை முதலில் எண்ணுங்கள். மொத்த இடம் மொத்தப் பிள்ளைகளுக்குக் குறையக் கூடாது. எங்கள் பக்கம் பின்னேரம் மழை பிடித்தால் வெளிக் கூடாரத்தை மண்டபத்துக்குள் எடுக்க வேண்டும், 12 இடம் 8 ஆகிவிடும். அதனால் மழைக்கணக்கையே எழுதி வைக்கிறோம். குலுக்கிய பிறகு இடம் குறைத்தால் யாரையாவது எழுப்பி விட வேண்டிவரும்.

2. எல்லா ஸ்டோல்களையும் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எட்டு ஸ்டோலில் மூன்றை மட்டும் கேட்டால், கடைசியில் வரும் பிள்ளைக்கு அந்த மூன்றும் நிரம்பியிருக்கும். அதன் பிறகு நாம் ஊகித்துத்தான் போட வேண்டும். ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதிய சீட்டுகளை அன்றே திருப்பிக் கொடுங்கள்.

3. சீட்டெல்லாம் கைக்கு வந்த பிறகே குலுக்குங்கள். பெயர்களை பிஸ்கட் டின்னில் போட்டு, பிள்ளைகள் முன்னால் எடுப்பது நல்லது. நூறு பேருக்கு மேல் என்றால் கூகுள் ஷீட்டில் பெயருக்குப் பக்கத்து நிரலில் இதைப் போடுங்கள்:

```
=RAND()
```

ஒவ்வொரு தடவை தாளைத் தொடும்போதும் அந்த எண்கள் மாறும். அதனால் நிரலைப் பிரதி எடுத்து, அதே இடத்தில் `Ctrl+Shift+V` அழுத்தி எண்களை நிலைப்படுத்திவிட்டு, பிறகு வரிசைப்படுத்துங்கள். இதை மறந்தால், "ஏன் இந்த வரிசை?" என்று ஒரு பெற்றோர் கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது.

4. வரிசைப்படி ஒவ்வொருவராக எடுங்கள். ஒரு பிள்ளையின் சீட்டை மேலிருந்து வாசித்து, இடம் இருக்கும் முதல் ஸ்டோலில் போட்டுவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். போட்டதை மாற்றக் கூடாது.

அதே ஆறு பேர். குலுக்கலில் வந்த வரிசை ஈ, உ, அ, இ, ஊ, ஆ. ஈக்குத் தேயிலை. உவுக்கு நுணுக்குக்காட்டி. அவுக்குத் தேயிலை, அது நிரம்பியது. இயின் சீட்டில் அடுத்தது நுணுக்குக்காட்டி, ஒரு இடம் இருக்கிறது, கிடைத்தது. ஊவுக்கு இரண்டாம் விருப்பமான களிமண். ஆவுக்கும் களிமண், அது அவனுடைய மூன்றாவது.

முதல் விருப்பம் கிடைத்தவர்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவதுக்குத் தள்ளப்பட்டவர் இருவருக்குப் பதில் ஒருவர். அதைவிட முக்கியம், தன் முறை வரும்போது இருப்பதில் மேலானதே கிடைப்பதால், யாருக்கும் பொய் எழுதி லாபமில்லை. முடிவு வந்த பிறகு எந்த இரண்டு பேரும் மாற்றிக்கொண்டு இருவருமே சந்தோஷப்பட முடியாது. சந்தேகமிருந்தால் நான்கைந்து ஜோடியைச் சரிபாருங்கள். அப்படி ஒரு ஜோடி அகப்பட்டால், எங்கோ சீட்டைத் தவறாக வாசித்திருக்கிறீர்கள்.

ஆவுக்கு என்ன பதில்? இரண்டு சுற்று நடத்துகிறோம். இரண்டாவதில் வரிசையைத் தலைகீழாக்கினால் அவன் முதல் ஆள், தேயிலை ஸ்டோலுக்குப் போவான். ஒரே ஸ்டோலுக்கு இரண்டு தடவை போகக் கூடாது என்ற விதி இருந்தால் மட்டும், எந்தச் சுற்றில் எதை எடுப்பது என்று கணக்குப் போட ஒரு சிறு இடைவெளி திறக்கும். குலுக்கல் சீட்டுக்குப் பின் நடப்பதால், பிள்ளைகளால் அதைப் பயன்படுத்துவது கஷ்டம்.