காஸ்ட் கர்வ் படிக்க ஒரு குறுக்கு வழி

காஸ்ட் கர்வ் படம் வந்தா மார்ஜினல் காஸ்ட், அதாவது இன்னொரு யூனிட் செய்ய ஆகுற கூடுதல் செலவு, ஏறுதா இறங்குதான்னு பாக்காதீங்க, அது ஆவரேஜ் காஸ்ட்டுக்கு கீழ இருக்கா மேல இருக்கான்னு மட்டும் பாருங்க. கீழ இருந்தா ஆவரேஜ் இறங்கும், மேல இருந்தா ஏறும், அவ்ளோதான்.

4 யூனிட்டுக்கு மொத்த செலவு 200, அதாவது ஆவரேஜ் 50ன்னு வைங்க. 5வது யூனிட்டுக்கு கூடுதலா 40 தான் ஆகுதுன்னா ஆவரேஜ் 48க்கு இறங்கிடும், 6வதுக்கு 48 ஆனா ஆவரேஜ் அசையாம அதே 48ல நிக்கும், 7வதுக்கு 62 ஆனா திரும்ப 50க்கு ஏறிடும். பாருங்க, 40ல இருந்து 48க்கு மார்ஜினல் ஏறிட்டுதான் இருக்கு, ஆனாலும் ஆவரேஜ் ஏறல (இங்கதான் நிறைய பேர் குழம்புவாங்க). ரெண்டும் சமமாகுற இடத்துல இறக்கம் நின்னு அதுக்கப்புறம் ஏத்தம்தாங்கறதால, வெட்டுற இடம் ஆவரேஜோட அடிமட்டமாத்தான் இருக்க முடியும்.

ஆவரேஜ் வேரியபிள் காஸ்ட்டுக்கும் இதே கணக்குதான். ஆனா ஆவரேஜ் ஃபிக்ஸட் காஸ்ட்டுக்கு இது செல்லாது, அது எப்பவும் இறங்கிட்டேதான் போகும், மார்ஜினல் அதை எங்க வெட்டினாலும் அதுக்கு அர்த்தம் கிடையாது. ஃபிக்ஸட் காஸ்ட் இருந்து மார்ஜினல் மாறாம நேர்கோடா போனாலும் வெட்டுற புள்ளியே வராது, ஆவரேஜ் அதை நெருங்கிட்டே போகும், தொடாது.