ஊறுகாய்ப் பாட்டிலையும் சாம்பார் பொடியையும் நிறம் மாறாமல் கைப்பேசியில் படம் எடுக்கும் முறை

வீட்டில் ஊறுகாயும் பொடியும் செய்து விற்பவர்களுக்குப் படத்தில் வரும் பெரிய சிக்கல் சிவப்பு நிறம்தான். மிளகாய்ப் பொடி செங்கல் நிறத்தில் மங்கி விழும், அல்லது சாயம் கலந்ததைப் போலக் கண்ணைப் பறிக்கும். இரண்டாவது வகைதான் விற்பனைக்கு அதிகக் கேடு. மசாலாப் பொடிகளில் செயற்கை நிறமி சேர்க்க நம் நாட்டு உணவுச் சட்டம் அனுமதிப்பதில்லை. படத்தில் சிவப்பை ஏற்றிக் காட்டினால், கலப்படம் இல்லாத பொடியின் மீதும் வாங்குபவருக்குச் சந்தேகம் வரும். ஒரு பாட்டில் ஆவக்காய், ஒரு பை சாம்பார் பொடி, கீழே ஒரு காடாத்துணி என்ற காட்சியை வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்யும் முறையைச் சொல்கிறேன்.

துணி

வெளுக்காத, சாயம் ஏறாத காடாத்துணியே என் தேர்வு. சணல் கோணி பார்வைக்கு நாட்டுப்புறத் தோற்றம் தரும். ஆனால் அதன் இழைகள் பாட்டிலின் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும், பொடியில் விழுந்தால் முடி விழுந்ததைப் போலவே படத்தில் தெரியும். அதன் பழுப்பு நிறத்தில் சாம்பார் பொடியும் காகிதப் பையும் கரைந்து போகும். புதுத் துணியை ஒரு முறை அலசிக் கஞ்சியைப் போக்கி, முறுக்கிப் பிழிந்து அப்படியே காயவிட்டால் கடை மடிப்புகள் மறைந்து இயல்பான சுருக்கம் கிடைக்கும். ஆவக்காய், சாம்பார் பொடி, மிளகாய்ப் பொடி மூன்றுக்கும் இந்த வெளிர் நிறம் பொருந்தும். மஞ்சள் தூளுக்கு மட்டும் சாம்பல் அல்லது மங்கிய நீல நிறத் துணி எடுப்பாக இருக்கும்.

பழைய பீங்கான் ஜாடிக்கு வேடு கட்டுவதைப் போலப் பாட்டிலின் வாயிலும் துணி கட்ட விரும்பினால், மூடியை இறுக்கி அதன் மேல் கட்டவும். வாங்குபவருக்கு அனுப்பும் பாட்டிலில் அந்தத் துணி இருக்காது என்றால், படத்திலும் வேண்டாம்.

வெளிச்சம்

நேர் வெயில் விழாத சன்னல் ஒன்று போதும். வெயில் விழுந்தால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டலாம். அறையின் குழல் விளக்கையும் பல்புகளையும் அணைத்துவிட வேண்டும். சன்னல் வெளிச்சம் ஒரு நிறம், விளக்கு வேறு நிறம் என்பதால், இரண்டும் கலந்தால் பாட்டிலின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும். பிறகு செயலியில் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்வது மிகக் கடினம். பாட்டிலுக்கு இடப்புறம், சற்றுப் பின்னால் சன்னல் இருக்கட்டும். வலப்புறம் நிழலைத் தளர்த்த ஒரு தெர்மகோல் பலகையை நிறுத்தவும்.

வெண்மையைக் கைப்பேசிக்குச் சொல்லிக் கொடுப்பது

நான் அதிக நேரம் தடுமாறியது இந்த இடத்தில்தான். கைப்பேசி தானாக நிறத்தைச் சரிசெய்யும்போது, எதிரே உள்ளவற்றின் நிறத்திலிருந்தே வெளிச்சத்தின் நிறத்தை ஊகிக்கிறது. படச்சட்டம் முழுவதும் சிவப்பும் பழுப்பும் நிறைந்திருந்தால், வெளிச்சமே மஞ்சளாக இருக்கிறது என்று எண்ணி நீலத்தைக் கூட்டிவிடும். துணி சாம்பல் பூத்து, பொடி உயிரற்றுப் போகும். அதை ஈடுகட்டச் செயலியில் நிறச்செறிவை ஏற்றும்போதுதான் அந்தச் சாயச் சிவப்பு பிறக்கிறது.

தானியங்கி முறையை விட்டு `Pro` முறைக்குப் போய், `WB` எனும் வெண்மைச் சமநிலையை நாமே அமைக்க வேண்டும். இதற்கு ஓர் அளவுகோல் தேவை. பலரும் ஏ4 தாளை வைக்கச் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். அந்தத் தாளில் வெண்மை கூட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள் பகல் வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்வதால், தாளை வெள்ளையாக்கும்போது மற்றவை மஞ்சளாகிவிடும். புகைப்படக் கடையில் கிடைக்கும் சாம்பல் அட்டை நல்லது. அது இல்லையென்றால், குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஓர் அட்டையில் அடி தெரியாதபடி பல சுற்றுச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்; அதன் வெண்மையில் நிறச் சாய்வு மிகக் குறைவு.

இந்த அட்டையைப் பாட்டில் நிற்கும் இடத்திலேயே, கேமராவைப் பார்த்தபடி நிறுத்தவும். `WB` அளவை 5000 கெல்வினில் தொடங்கி, அட்டையில் நீலமோ மஞ்சளோ தெரியாத இடம் வரை நகர்த்தவும். நீல வானம் மட்டும் தெரியும் நிழல் பக்கச் சன்னலுக்கு அளவு இன்னும் மேலே போகும். அளவு அமைந்தபின் அதை மாற்றாமல், அட்டையை எடுத்துவிட்டு எல்லாப் படங்களையும் எடுங்கள். கைப்பேசியில் இந்த வசதி இல்லையென்றால், முதல் படத்தை அட்டையோடு எடுத்து, Snapseed செயலியின் `White Balance` கருவியில் உள்ள துளிக்குழாயை அட்டையின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது ஒளியின் அளவு. சிவப்பு மற்ற நிறங்களுக்கு முன்பே நிரம்பி நுணுக்கத்தை இழந்துவிடும் என்பதால், `EV` அளவை −0.3 முதல் −0.7 வரை குறைக்கவும். படத்தைப் பெரிதாக்கிப் பொடிக் குவியலைப் பாருங்கள்: கொத்தமல்லித் துணுக்கும் மிளகாய்த் தோலும் தனித்தனியாகத் தெரிந்தால் சரி, சிவப்புச் சுண்ணம் பூசிய சுவரைப் போல ஒரே பரப்பாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். உணவுக்கென்று தானாக நிறம் கூட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

பாட்டிலும் பையும்

ஊறுகாயை முந்தைய நாளே பாட்டிலில் நிரப்பினால் துண்டுகள் அமர்ந்து, காற்றுக் குமிழிகள் வெளியேறி, மேலே எண்ணெய் தெளிந்து நிற்கும். வெளிப்புறத்தை வினிகர் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் மெருகேற்றி, பிறகு துணியால் மட்டுமே பிடிக்கவும். கண்ணாடிக்குள் ஆவக்காய் கறுப்பாகத் தெரிவது வழக்கம். பாட்டிலை விடக் குறுகலாக வெட்டிய வெள்ளை அட்டையைப் பின்னால் மறைத்து, சன்னல் பக்கம் சாய்த்து வைத்தால் நல்லெண்ணெய் வழியாக ஒளி வந்து உண்மையான நிறம் தெரியும். சன்னலின் பிரதிபலிப்பு பெயர்ச்சீட்டின் மேல் விழுந்தால், பாட்டிலைச் சிறிது திருப்பினாலே விலகிவிடும்.

பொடிக்குப் பளபளப்பு இல்லாத பையை வாங்குங்கள். பளபளக்கும் பை எவ்வளவு திருப்பினாலும் எங்காவது வெள்ளைத் திட்டு காட்டும். ஒரு படத்திலாவது எஃப்எஸ்எஸ்ஏஐ 14 இலக்க எண், நிகர எடை, சைவக் குறியீடு மூன்றும் படிக்கும்படி இருக்கட்டும்.

பின்சேர்க்கை

எல்லாம் செய்தும் துணி பச்சையாக விழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அறைச் சுவரின் வெளிர்பச்சைப் பூச்சுதான் காரணம். சுவர்ப் பக்கம் தெர்மகோல் பலகையை மறைப்பாக நிறுத்தியதும் சரியாயிற்று. நீங்கள் அணியும் அடர்நிற உடையும் இப்படியே பிரதிபலிக்கும்.

படத்தைப் பொடியோடு ஒப்பிட்டபோது பொருந்தவில்லை என்றார் இன்னொருவர். கைப்பேசியில் கண் பாதுகாப்புக்கான மஞ்சள் திரை இயங்கிக்கொண்டிருந்தது. ஒப்பிடும் முன் அதை அணைத்து, சன்னல் அருகே பொடிக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துப் பார்க்க வேண்டும்.

மிளகாய் வரத்து மாறினால் அரைப்பின் நிறமும் மாறும். பழைய படத்தைத் திருத்திப் பொருத்தப் பார்க்காமல், டெஃப்லான் அட்டையை வைத்து அந்த அரைப்பைப் புதிதாக எடுத்துவிடுவதே எளிது.