லிமிட் 40 லட்சம், எடுத்தது 39 லட்சம்: பிறகு ஏன் ஓவர்டியூ?

திருப்பூரில் பனியன் தைத்து விற்கும் ஒருவர் தன் கம்பெனியின் சிபில் ரிப்போர்ட்டோடு வந்தார். "தம்பி, என் ஸ்கோர் 760ங்க. அப்புறம் எதுக்கு பேங்க்ல இழுத்தடிக்கிறாங்க?"

முதலில் எந்த எண் என்று பிரியுங்கள்

760 அவருடைய தனிநபர் ஸ்கோர். அது 300 முதல் 900 வரை போகும், கூடினால் நல்லது. கம்பெனிக்கு வருவது 1 முதல் 10 வரையிலான ரேங்க். பள்ளிக்கூட ரேங்க் மாதிரி, 1 தான் முதலிடம். இவருடைய ரிப்போர்ட்டில் `CMR-6` என்று இருந்தது. "பத்துக்கு ஆறு, பாஸ்தானே?" என்றார். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அடுத்து, ஒவ்வொரு கடனாகப் பாருங்கள்

ரேங்கையே வெறித்துப் பார்த்துப் பயனில்லை, காரணம் உள்ளே இருக்கிறது. மெஷின் லோன் `Standard`. கேஷ் கிரெடிட் கணக்கில் மட்டும் `SMA-1`. அதாவது கணக்கு 31 முதல் 60 நாள் வரை தொடர்ந்து வரம்பு மீறி நிற்கிறது. 61 முதல் 90 நாள் என்றால் `SMA-2`. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன்.

"லிமிட்டே 40 லட்சம். நான் 39தானே எடுத்திருக்கேன்?"

நியாயமான கேள்விதான். ஆனால் வங்கி பார்க்கும் வரம்பு லிமிட் மட்டுமல்ல, சரக்கையும் வரவேண்டிய பணத்தையும் வைத்துக் கணக்கிடும் டிராயிங் பவரும்கூட. இரண்டில் எது குறைவோ, அதுவரைதான் எடுக்கலாம்.

டிராயிங் பவரைக் கணக்கிட்டுக் காட்டுங்கள்

அவர் கடைசியாகக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டை எடுத்தோம். சரக்கு 26 லட்சம். அதில் நூல்கடைக்குத் தரவேண்டிய பாக்கி 6 லட்சம் போக 20. வரவேண்டிய பில் பணம் 90 நாளுக்கு உட்பட்டது 28 லட்சம். மொத்தம் 48. இவருடைய வங்கி 25 சதவீதம் மார்ஜின் கழிக்கிறது, மிச்சம் 36 லட்சம். எடுத்திருப்பதோ 39. அந்த 3 லட்சம்தான் ஓவர்டியூ.

அவருக்கு வரவேண்டிய இன்னொரு 5 லட்சம், பார்ட்டி இழுத்தடித்ததில் 90 நாளைத் தாண்டிவிட்டது. டிராயிங் பவரைக் கணக்கிடும்போது வங்கி அதைச் சேர்க்காது. "பணம் வரலேன்னா எனக்கே ரெண்டு அடியா!" என்றார். ஆமாம், அப்படித்தான்.

இனி என்ன செய்வது

கணக்கை 36 லட்சத்துக்குள் கொண்டுவர வேண்டும். பழைய பில் 5 லட்சம் வசூலாகிக் கணக்கில் விழுந்தாலே போதும். முழு மீறலும் தீர்ந்தால் `Standard` திரும்பும், ஆனால் தவறிய மாதத்தின் பதிவு ரிப்போர்ட்டில் தெரியும். வாராக்கடனான பின் இதைச் செய்ய அசல், வட்டி நிலுவை மொத்தத்தையும் கட்டியாக வேண்டும். அதனால் 90 நாளை எட்டுமுன் முடிப்பதே லாபம்.

உங்கள் கணக்குச் சரியாக இருந்து ரிப்போர்ட் தவறென்றால், வங்கி ஸ்டேட்மென்டோடு சிபிலில் புகார் பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு, ரிசர்வ் வங்கி விதி. இவர் விஷயத்தில் ரிப்போர்ட் சரிதான். பார்ட்டிக்கு ஃபோன் போட ஆரம்பித்தார்.