பேட்டன்டா, தொழில் ரகசியமா? சிறு கண்டுபிடிப்பாளர்கள் வழுக்கும் இடங்கள்

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், சாமை, குதிரைவாலி போன்ற சிறுதானியங்களுக்கு உமி நீக்கும் எந்திரம் செய்கிறார். அதில் அவருடைய சொந்தச் சரக்கு இரண்டு. ஒன்று, ரப்பர் உருளை தேயத் தேய இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஒரு ஸ்பிரிங் நெம்புகோல். மற்றொன்று, அந்த உருளைக்கான ரப்பர் கலவையும் அதை வேகவைக்கும் முறையும். சாதாரண உருளையைவிட அது அதிக நாள் உழைக்கிறது.

அவர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "எது மலிவு?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் எந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவர், ஸ்பேனரை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் எது தெரியும், எது தெரியாது?

நெம்புகோல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அளவெடுத்து அதே மாதிரி வெட்டிக்கொள்ளலாம். சந்தையில் நேர்மையாக வாங்கிய பொருளைப் பிரித்துக் கற்றுக்கொள்வதைத் தொழில் ரகசியம் என்ற பெயரில் தடுக்க முடியாது. இன்னொருவர் தன் மூளையால் அதையே கண்டுபிடித்தாலும் தடுக்க முடியாது. ஆகவே விற்ற அன்றே வெளிப்படும் விஷயத்துக்கு ரகசியம் என்பது வெறும் பேச்சு. அதற்கு பேட்டன்ட்தான் வழி.

ரப்பர் கலவை அப்படியல்ல. ஆய்வகத்தில் கொடுத்தால் எந்த ரப்பர், கார்பன் பிளாக் ஏறத்தாழ எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவார்கள். கடினத்தன்மையைக் கையடக்க மீட்டரை அழுத்தினாலே படித்துவிடலாம். ஆனால் ரப்பர் வேகுவதை விரைவுபடுத்தி, அப்போதே வினைபுரிந்து உருமாறிவிடும் ஆக்சிலரேட்டர் எது, எந்த வரிசையில் கலந்தது, என்ன வெப்பத்தில் எத்தனை நிமிடம் வைத்தது என்பதை முடிந்த உருளையிலிருந்து திரும்பக் கண்டுபிடிப்பது கடினம். இதை ரகசியமாக வைக்க வாய்ப்புண்டு. பட்டறைகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் WD-40 திரவத்தின் கலவை 1953-இல் உருவானது. கலவையை வெளியிட நேரும் என்பதாலேயே அதற்கு பேட்டன்ட் வாங்கவில்லை.

முதலில் காட்டிவிட்டு, பிறகு விண்ணப்பிப்பது

அதிகம் பேரைக் கவிழ்க்கும் தவறு இது. கண்காட்சியில் எந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறார்கள், யூடியூபில் வீடியோ போடுகிறார்கள், இரண்டு எந்திரம் விற்றும் விடுகிறார்கள். ஆர்டர் குவிந்ததும் பேட்டன்ட் நினைவுக்கு வருகிறது. விண்ணப்பத் தேதிக்கு முன்பே பொதுவெளிக்கு வந்த ஒன்று "புதியது" அல்ல. அதை வெளியிட்டவர் நீங்களே என்பது காப்பாற்றாது.

"ஒரு வருடம் சலுகை இருக்கிறதாமே?" என்பார்கள். இருக்கிறது, ஆனால் குறுகலானது. பேட்டன்ட் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தரும் 12 மாதச் சலுகை, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கும் அறிஞர் அவைகளில் படித்த கட்டுரைகளுக்குமானது. ஊரில் நடக்கும் வணிகக் கண்காட்சி எல்லாம் இதில் வராது. யூடியூப் நிச்சயம் வராது. எந்திரத்தைப் பொது இடத்தில் ஓட்டித்தான் சோதிக்க முடியும் என்ற நிலை இருந்தால், நியாயமான சோதனைக்காக மட்டும் ஓராண்டுக்குள் ஓட்டியதை 32-ஆம் பிரிவு மன்னிக்கிறது. சோதனை என்று சொல்லி விற்பனை செய்ததை மன்னிக்காது.

வரைபடத்தைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பவர்களும் உண்டு. அந்த உறையால் பேட்டன்ட் உரிமை எதுவும் வராது. யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதே கணக்கு.

ரகசியமாகச் சில வருடம் ஓட்டிவிட்டு பேட்டன்டுக்குப் போவது

இதை நம்மூரில் பலர் அறியாமலே செய்கிறார்கள். "இப்போதைக்கு ரகசியமாக வைப்போம், தொழில் வளர்ந்ததும் பேட்டன்ட் வாங்கிக்கொள்வோம்" என்ற கணக்கு கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பேட்டன்ட் சட்டத்தின் 64(1)-ஆம் பிரிவில், பேட்டன்டை ரத்து செய்வதற்கான காரணங்களின் பட்டியலில் ஒன்று இது: விண்ணப்பத் தேதிக்கு முன்பே அந்தக் கண்டுபிடிப்பு இந்தியாவில் ரகசியமாகப் பயன்படுத்தப்பட்டிருந்தது. நியாயமான சோதனைக்கு விலக்கு உண்டு, வணிகத்துக்கு இல்லை. நம் கோவைக்காரர் ஐந்து வருடம் அந்த ரப்பர் முறையில் உருளை செய்து விற்றுவிட்டு ஆறாவது வருடம் பேட்டன்ட் வாங்கினால், போட்டியாளர் அவருடைய பழைய பில்களையே கொண்டுவந்து அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

எனவே ரகசியத்திலிருந்து பேட்டன்டுக்கு மாறும் கதவு, விற்பனை தொடங்கும் நாளில் மூடுகிறது. பேட்டன்டிலிருந்து ரகசியத்துக்குத் திரும்பும் கதவு மட்டும் கொஞ்ச காலம் திறந்திருக்கும். அது எப்படி?

12 மாதங்களை வீணாக்குவது

முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பின் முதல்கட்ட விளக்கத்தோடு, விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். முப்பது பக்கம் வரை கூடுதல் கட்டணம் இல்லை. அன்றைய தேதி உங்களுக்குப் பதிவாகிவிடும். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் அவகாசம். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும், வெளியிடப்படாது. அதாவது உள்ளே எழுதியது ரகசியமாகவே இருக்கும். ஆனால் அந்தத் தேதியும் போய்விடும்.

முழு விவரக்குறிப்பைக் கொடுத்தபின் மனம் மாறினாலும் ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பம் முதல் தேதியிலிருந்து 18 மாதத்தில் வெளியிடப்படும். அதற்கு மூன்று மாதம் முன்பாக, அதாவது 15-ஆம் மாதம் முடிவதற்குள், திரும்பப் பெற்றால் வெளியாகாது. அதைத் தாண்டினால் விண்ணப்பம் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் படிக்கக் கிடைக்கும். பின்னால் பேட்டன்ட் மறுக்கப்பட்டாலும் வெளிவந்தது வெளிவந்ததுதான். பேட்டன்டும் இல்லை, ரகசியமும் இல்லை என்ற இரட்டை நஷ்டம் இங்கேதான் நேர்கிறது. அதனால் இந்த 12 மாதத்துக்குள் இந்திய பேட்டன்ட் அலுவலகத்தின் இலவசத் தேடல் தளத்திலும் வெளிநாட்டுத் தளங்களிலும் இதே நெம்புகோல் யோசனை முன்பே இருக்கிறதா என்று துருவிப் பார்த்துவிட வேண்டும்.

தற்காலிக விவரக்குறிப்பைப் பாதிப் பக்கத்தில் கிறுக்கிக் கொடுப்பதும் தவறு. அதில் விவரித்தவற்றுக்கு மட்டுமே அந்தத் தேதி செல்லும். ஸ்பிரிங் நெம்புகோலை எழுதிவிட்டு, அதற்குப் பதில் எடைக்கல் வைத்தாலும் வேலை செய்யும் என்பதை எழுத மறந்தால், எடைக்கல் வடிவத்துக்கு முதல் தேதி கிடைக்காது.

பேட்டன்டுக்குள் ரகசியத்தை ஒளிப்பது

"மெஷினுக்கு பேட்டன்ட், முக்கியமான விஷயத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவோம்" என்பதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் உண்டு. விண்ணப்பதாரருக்குத் தெரிந்தவற்றில் சிறந்த செய்முறையை விவரக்குறிப்பில் எழுத வேண்டும் என்று 10(4)-ஆம் பிரிவு கேட்கிறது. எழுதாமல் விட்டது பிற்பாடு தெரிந்தால் பேட்டன்ட் ரத்தாகலாம்.

நம் உதாரணத்தில் கோடு எங்கே விழும்? கடையில் கிடைக்கும் எந்த ரப்பர் உருளையோடும் நெம்புகோல் சரியாக வேலை செய்கிறது என்றால், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக்கோரலில் நெம்புகோலை மட்டும் வைக்கலாம். உருளையின் ஆயுளைக் கூட்டும் கலவை தனிச் சமாச்சாரம், அது பட்டறையிலேயே இருக்கலாம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட ரப்பரின் நெகிழ்ச்சி இல்லாமல் நெம்புகோல் சரியாக இயங்காது என்றால், கலவையையும் எழுதியாக வேண்டும். இந்த இடத்தில் பேட்டன்ட் ஏஜென்டிடம் முழு உண்மையையும் சொல்லிவிடுவது நல்லது. அவரிடமே மறைத்தால் அவர் எழுதும் ஆவணத்தில் அந்த ஓட்டை இருக்கும்.

ரகசியம் என்று சொல்லிவிட்டு, ரகசியமாக வைக்காதது

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2024-இல் சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் மசோதா வரைவு ஒன்றைத் தந்திருக்கிறது. இன்றைக்கு நீதிமன்றங்கள் ஒப்பந்தத்தையும் நம்பிக்கை மீறல் என்ற கோட்பாட்டையும் வைத்தே தீர்க்கின்றன. 1987-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்த்த ஜான் ரிச்சர்ட் பிரேடி வழக்கு நம் பட்டறைக்காரருக்கு நெருக்கமானது. தீவனம் வளர்க்கும் அலகு ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதற்கான வெப்பப் பலகைகளை வாங்க ஒரு சப்ளையரை அணுகித் தொழில்நுட்ப விவரங்களைக் கொடுத்தார். சப்ளையர் அதே மாதிரி எந்திரத்தைத் தானே விளம்பரம் செய்தார். நம்பிக்கையின் பேரில் பெற்ற விவரத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது.

ரகசியம் கசிவதும் பெரும்பாலும் இப்படித்தான், ஜாப் ஒர்க் கொடுக்கும் இடத்தில். ரப்பர் மிக்சிங் மில் வைத்திருப்பவரிடம் ஃபார்முலாத் தாளை அப்படியே நீட்டிவிடுகிறார்கள். அதற்குப் பதில் கந்தகத்தையும் ஆக்சிலரேட்டரையும் பட்டறையிலேயே எடைபோட்டு, பெயர் எழுதாத பைகளில் "அ", "ஆ" என்று குறித்து அனுப்பலாம். ரப்பரும் கார்பன் பிளாக்கும் மட்டும் மில்லில் தெரிந்தால் போதும். அவரிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் எழுதி வாங்கும்போது "எல்லாத் தகவலும் ரகசியம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், "தேதியிட்ட இந்தக் கலவைத் தாள் எண் 3" என்று குறிப்பிட வேண்டும். எது ரகசியம் என்று சுட்டிக்காட்ட முடியாதவர் வழக்கில் திணறுவார்.

வேலையாளிடம் "இங்கிருந்து போனால் மூன்று வருடம் இதே தொழில் செய்யக்கூடாது" என்று எழுதி வாங்குவதும் வழக்கம். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. கலவையை வெளியே சொல்லக்கூடாது, பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனைதான் நிற்கும்.

காலக்கணக்கில் ஏமாறுவது

பேட்டன்ட் 20 வருடம் என்பது, கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த தேதியிலிருந்து. பேட்டன்ட் அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசோதிப்பது தானாக நடக்காது. முதல் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் படிவம் 18-ஐக் கொடுத்து 4,000 ரூபாய் கட்ட வேண்டும். முன்பு 48 மாதமாக இருந்தது, 2024 விதித்திருத்தம் அதைக் குறைத்துவிட்டது. பழைய கட்டுரையைப் படித்துவிட்டுக் காத்திருப்பவரின் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். பேட்டன்ட் கைக்கு வரும்வரை வழக்குப் போட முடியாது. ஆனால் வந்தபின், விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்து நடந்த நகலெடுப்புக்கு இழப்பீடு கேட்கலாம். அதனால்தான் நகல்கள் தலைகாட்டினால் படிவம் 9-உடன் 2,500 ரூபாய் கட்டி முன்கூட்டியே வெளியிடச் சொல்வார்கள்.

மூன்றாவது வருடத்திலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. சிறு விண்ணப்பதாரருக்கு ஆண்டுக்கு 800 ரூபாயில் தொடங்கி, கடைசி ஐந்து வருடம் ஆண்டுக்கு 8,000 ரூபாய் வரை ஏறும். 20 வருடமும் வைத்திருந்தால் மொத்தம் 76,800 ரூபாய், ஏஜென்ட் கூலி தனி. கட்டத் தவறினால் ஆறு மாதம் அபராதத்தோடு கட்டலாம். அதையும் விட்டுக் காலாவதியானால், 18 மாதத்துக்குள் மீட்கக் கோரலாம், தவறியதற்குக் காரணம் காட்டி.

ரகசியத்துக்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை, கடைசித் தேதியும் இல்லை. மிக்சிங் மில்லில் யாரோ அந்தத் தாளைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டால் அன்றோடு முடிந்தது. படம் போட்டவர் மீது வழக்குப் போடலாம், குழுவில் பார்த்த நானூறு பேரின் தலையிலிருந்து கலவையைத் திரும்ப எடுக்க முடியாது.