வளைவுத் தகைவுக் கணக்கு: y-ஐ எங்கிருந்து அளக்கிறீர்கள்?

வேலைக்குப் புதிதாக வரும் பொறியாளர்களின் கணக்குத் தாள்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. கால்குலேட்டரில் விரல் தவறுவது, 6-ஐ 8 என்று வாசிப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை இரண்டாவது முறை பார்ப்பவர் பிடித்துவிடுவார். σ = M·y / I என்ற சமன்பாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் தவறுகள் வேறு. அவற்றைப் பற்றி என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

y என்றால் பீமின் உயரத்தில் பாதிதானே?

இல்லை. இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கல்லூரியில் முதலில் போடும் கணக்கு செவ்வக வெட்டுமுகம். அடுத்தது I வெட்டுமுகம். இரண்டும் மேலும் கீழும் சமச்சீரானவை என்பதால் நடுநிலை அச்சு சரியாகப் பாதி உயரத்தில் வந்து உட்காரும். y = D/2 என்பது அந்த இரண்டு கணக்குகளிலும் உண்மை. பிறகு அது கைப்பழக்கமாகிவிடுகிறது. y என்பது நடுநிலை அச்சிலிருந்து நாம் தகைவைத் தேடும் புள்ளி வரையிலான தூரம். நடுநிலை அச்சோ வெட்டுமுகத்தின் பரப்பு மையத்தின் வழியே போகும். பாதி உயரத்துக்கு இதில் தனி உரிமை எதுவும் கிடையாது.

அண்மையில் என் மேசைக்கு வந்த தாளையே எடுத்துக்கொள்கிறேன். எண்களை மட்டும் எளிமையாக்கியிருக்கிறேன். T வடிவ எஃகு பீம். மேலே 200 மி.மீ. அகலமும் 20 மி.மீ. தடிமனும் கொண்ட ஃபிளாஞ்ச். அதன் கீழே 20 மி.மீ. தடிமனும் 200 மி.மீ. உயரமும் கொண்ட வெப். மொத்த உயரம் 220 மி.மீ. இரு முனைகளிலும் தாங்கி, இடைத்தூரம் 4 மீட்டர், மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் சீரான பளு. நடுவில் வளைவுத் திருப்புத்திறன் wL²/8, அதாவது 20 கிலோநியூட்டன் மீட்டர்.

முதலில் பரப்பு மையம். ஃபிளாஞ்சுக்கும் வெப்புக்கும் பரப்பு ஒன்றே, தலா 4000 ச.மி.மீ. கீழ் விளிம்பிலிருந்து வெப்பின் மையம் 100 மி.மீ. உயரத்திலும் ஃபிளாஞ்சின் மையம் 210 மி.மீ. உயரத்திலும் இருக்கின்றன. பரப்புகள் சமம் என்பதால் இரண்டுக்கும் சரிபாதியில், 155 மி.மீ. உயரத்தில் நடுநிலை அச்சு வருகிறது. ஆக, கீழ் விளிம்புக்கு y = 155, மேல் விளிம்புக்கு y = 65. அந்த அச்சைப் பற்றிய I ஏறத்தாழ 37.67 × 10⁶ மி.மீ.⁴.

```
கீழே: σ = 20×10⁶ × 155 / 37.67×10⁶ = 82.3 MPa (இழுவிசை)
மேலே: σ = 20×10⁶ × 65 / 37.67×10⁶ = 34.5 MPa (அமுக்கம்)
```

தாளில் இருந்த விடை வேறு. எக்செலில் y இருக்க வேண்டிய கட்டத்தில் D/2 என்ற வாய்பாடு இருந்தது. அதாவது 110. I-யையும் அதே பாதி உயர அச்சைப் பற்றியே கணக்கிட்டிருந்தார். அது 53.87 × 10⁶ என்று பெரிதாகிவிட்டது. ஏனென்றால் எந்த வெட்டுமுகத்துக்கும் பரப்பு மையத்தின் வழியே போகும் அச்சில்தான் I மிகக் குறைவு. அச்சை இணையாக எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது கூடத்தான் செய்யும். y குறைந்தது, I கூடியது, இரண்டும் தகைவைக் கீழே தள்ளின. விடை 40.8 MPa. உண்மையான தகைவில் பாதி.

எனக்கு எரிச்சல் மூட்டுவது இதற்கு அடுத்த கட்டம். 40.8 ஆனாலும் 82.3 ஆனாலும் சாதாரணக் கட்டுமான எஃகுக்குப் பெரிய பொருட்டே அல்ல. அதன் விளைவுத் தகைவு 250 MPa. பழைய அனுமதித் தகைவு முறையில் அதில் 0.66 மடங்கு, 165 MPa வரை போகலாம். எனவே பீம் நிற்கும், தாளில் ‘சரி’ என்று பச்சை நிறம் விழும், தவறு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சில மாதங்கள் கழித்து வாடிக்கையாளர் கூடுதல் பளு ஏற்றலாமா என்று கேட்கிறார். அதே தாள் திறக்கப்படுகிறது. “சார், நான்கு மடங்கு வரை தாங்கும்” என்று இளைஞர் நம்பிக்கையோடு சொல்கிறார். தாளின்படி அவர் சொல்வது சரிதான்: 163 MPa. உண்மையில் கீழ் விளிம்பில் வருவது 329 MPa. அங்கே எஃகு விளையத் தொடங்கி வெகுநேரமாகியிருக்கும். அன்று அந்தத் தாள் என் கையெழுத்துக்கு வந்ததால் கூடுதல் பளு ஏறவில்லை.

நடுநிலை அச்சைத் தவறான இடத்தில் வைத்தவர்களின் வரிசை பெரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலிலியோ 1638-இல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பீமை ஆராய்ந்தபோது, அது கீழ் விளிம்பைச் சுற்றித் திரும்புவதாகவும் வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவு இழுவிசை இருப்பதாகவும் கொண்டார். செவ்வக பீமுக்கு இன்றைய மீட்சிக் கணக்கு தருவதைப் போல மூன்று மடங்கு வலிமை அவருக்குக் கிடைத்தது. அச்சு பரப்பு மையத்தின் வழியே போகிறது என்பதை நாவியே 1826-இல் பாடமாகத் தெளிவுபடுத்தும் வரை இந்தக் குழப்பம் நீடித்தது. ஆனால் கலிலியோவிடம் பாடப்புத்தகம் இல்லை.

தவறு நடந்திருப்பதை விடையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

விடையைப் பார்த்து முடியாது. விசைகளைக் கூட்டிப் பார்த்தால் முடியும்.

வளைவு மட்டுமே உள்ள பீமில் நீளவாக்கில் வெளி விசை ஏதும் இல்லை. ஆகவே வெட்டுமுகத்தின் ஒரு பக்கம் உள்ள மொத்த இழுவிசையும் மறுபக்கம் உள்ள மொத்த அமுக்க விசையும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். பரப்பு மையத்தில் உள்ள தகைவை மொத்தப் பரப்பால் பெருக்கினால் நிகர விசை கிடைத்துவிடும். அது பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

அந்தத் தாளின் கணக்கில் அச்சு 110 மி.மீ. உயரத்தில். பரப்பு மையம் அதற்கு 45 மி.மீ. மேலே. அங்கே தகைவு 20×10⁶ × 45 / 53.87×10⁶ = 16.7 MPa. பரப்பு 8000 ச.மி.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 134 கிலோநியூட்டன் அமுக்க விசை. 13 டன்னுக்கும் அதிகமான ஒரு விசை யாரும் தள்ளாமலே பீமின் நீளவாக்கில் வந்து நிற்கிறது. இந்த ஒரு வரியைத் தாளின் அடியில் சேர்த்துவிடுங்கள். விடை பூஜ்ஜியம் இல்லையென்றால் அச்சு இடம் மாறியிருக்கிறது என்று பொருள்.

M அதிகமாக உள்ள இடத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

சமச்சீரான வெட்டுமுகத்துக்குப் போதும். T-க்குப் போதாது.

மேலே சொன்ன அதே T-யைத் தலைகீழாக வையுங்கள். ஃபிளாஞ்ச் கீழே, வெப் மேலே. பொருள் வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையில் பலவீனம். இதனால்தான் ஈட்டன் ஹாட்கின்சன் 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மான்செஸ்டரில் சோதனைகள் செய்து, கீழ் ஃபிளாஞ்சுக்கு மேல் ஃபிளாஞ்சைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு பரப்பு கொடுக்கச் சொன்னார். இழுபடும் பக்கம் நடுநிலை அச்சுக்கு அருகில் வந்துவிடும், y குறையும். அருமையான யோசனை. ஆனால் பீம் கீழ்நோக்கித் தொய்யும் இடத்தில் மட்டும்தான்.

பீமின் ஒரு முனை தாங்கியைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறது என்று கொள்வோம். இடையில் 20 கிலோநியூட்டன் மீட்டர் தொய்வுத் திருப்புத்திறன். தாங்கியின் மேல் எதிர்த்திசையில் 12. பெரியது 20 என்று அங்கே மட்டும் பார்ப்பவருக்குக் கீழ் விளிம்பில் இழுவிசை 34.5 MPa கிடைக்கும். அத்துடன் பேனாவை மூடிவிடுவார். தாங்கியின் மேலோ இழுபடுவது மேல் விளிம்பு. அதற்கு y = 155. 12×10⁶ × 155 / 37.67×10⁶ = 49.4 MPa. சிறிய M இருக்கும் இடத்தில்தான் பெரிய இழுவிசை. வார்ப்பிரும்பு விரிசல் விடுவதானால் அங்கேதான் விடும்.

இரண்டு திசையிலும் M வந்தால் இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் மேல் கீழ் என இரண்டு விளிம்பு. நான்கு தகைவுகளையும் எழுதாமல் தாளை என்னிடம் தர வேண்டாம்.

பாகங்களின் I-களைத் தனித்தனியே கண்டு கூட்டிவிடலாமா?

ஒரே அச்சைப் பற்றியவை என்றால் மட்டும். நம் T-யில் ஃபிளாஞ்சுக்கும் வெப்புக்கும் தத்தம் மையத்தைப் பற்றிய I-களை மட்டும் கூட்டினால் 13.47 × 10⁶ வரும். இணை அச்சுத் தேற்றத்தின்படி சேர வேண்டிய A·d² விடுபட்டுவிட்டது. தகைவு 230 MPa என்று காட்டும். இந்தத் தவறு எனக்குப் பயம் தருவதில்லை. தானே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். பீம் தேவைக்கு மேல் பெரிதாகும், யாராவது செலவைப் பார்த்துக் கேட்பார்கள்.

Z-ஐப் பயன்படுத்தினால் y-யே வேண்டாமே?

T-க்கு Z ஒன்றல்ல, இரண்டு.

அலகுகள்?

கிலோநியூட்டன் மீட்டரை நியூட்டன் மி.மீ. ஆக்க 10⁶. 10³ அல்ல.

இருக்கும் I பீமின் அடியில் தகடு பற்றவைத்தால்?

சமச்சீர் போய்விட்டது, D/2-உம் போய்விட்டது. நடுநிலை அச்சு தகட்டை நோக்கிக் கீழே இறங்கும், மேல் விளிம்பின் y கூடும். கீழ் விளிம்பின் தகைவு நன்றாகக் குறையும்போது மேல் விளிம்பில் கொஞ்சம்தான் குறையும். “பலப்படுத்திவிட்டோம்” என்று மேலே பார்க்காமல் விடுவது பழக்கமாக இருக்கிறது. மேலும், பற்றவைக்கும்போது பளு இறக்கப்படவில்லை என்றால் பழைய பளுவின் தகைவு பழைய வெட்டுமுகத்திலேயே தங்கிவிடும். புதிய I-யும் புதிய y-யும் அதன் பிறகு வரும் பளுவுக்கு மட்டும்தான்.

L வடிவ ஆங்கிளுக்கு?

ஒரு காலுக்கு இணையான அச்சை வைத்து நேரடியாகப் போடக் கூடாது. முதலில் முதன்மை அச்சுகளைக் கண்டு, M-ஐ அவற்றின் வழியே பிரியுங்கள்.

கான்கிரீட் T பீமுக்கும் இதே சமன்பாடுதானா?

விரிசல் விழும் வரை. விழுந்த பிறகு இழுபடும் கான்கிரீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நடுநிலை அச்சும் இடம் மாறிவிடும். அதற்குத் தனி முறை. ஆனால் விரிசல் எந்த M-இல் விழும் என்பதைக் காண IS 456 தருவது நம் பழைய சமன்பாடேதான்: M_r = f_cr · I_gr / y_t. M25 கான்கிரீட்டுக்கு f_cr = 0.7√25 = 3.5 MPa. இதில் y_t என்பது முழு வெட்டுமுகத்தின் பரப்பு மையத்திலிருந்து இழுபடும் கடைசி விளிம்பு வரையிலான தூரம். ஸ்லாபோடு சேர்ந்த T பீமில் அந்த மையம் மேலே ஏறியிருக்கும், y_t பாதி உயரத்தைவிடக் கூடும், விரிசல் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த M-இலேயே விழும். தொய்வுக் கணக்கு அதைப் பொறுத்தது. அங்கேயும் D/2 போட்ட தாள்கள் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.